காய்ச்சலுக்கு நிறுத்திய வகுப்புக்கும் முழுக் கட்டணமா?

ஆரையூர்த்தாய் · சனி, காலை 10.20

ஆரையம்பதியில் இருந்து எழுதுகிறேன். மகன் உயர்தரம் கணிதப் பிரிவு. இணைந்த கணிதத்துக்கு மட்டும் நகரத்தில் ஓர் ஆசிரியையிடம் தனி வகுப்புக்குப் போகிறான். சனிக்கிழமை காலை 6 மணி முதல் 7.30 வரை. நான்கு வகுப்புக்கு 10,000 ரூபாய், முன்பணம். ஒரு வகுப்பு 2,500 என்று கணக்கு.

நேற்று வெள்ளிக்கிழமை மாலை பாடசாலையில் இருந்து வந்ததும் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. மருந்து கொடுத்துப் பார்த்தேன், குறையவில்லை. இரவு 7.40க்கு ரீச்சருக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன், "நாளை வரமாட்டான், வேறொரு நாள் தர முடியுமா" என்று. வந்த பதில்: "24 மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்கவில்லை. வகுப்பு கழிந்ததாகவே கணக்கு." அவ்வளவுதான். 2,500 போய்விட்டது.

இரவு ஏழரைக்குச் சொல்லியிருக்கிறேன், விடிய ஆறு மணிக்குச் சொல்லவில்லை. முதல் நாளே சொன்னதாகத்தானே ஆகும்? இன்னொன்று: வகுப்பை ஞாபகப்படுத்தும் குறுஞ்செய்தி அவருடைய முன்பதிவுப் பக்கத்தில் இருந்து தானாக வரும். அது வந்தது வெள்ளி காலை சரியாக 6 மணிக்கு. நான் என்ன செய்திருக்க வேண்டும்? ரீச்சர் நல்ல ஆசிரியை, சண்டை பிடிக்க விருப்பமில்லை. ஆனால் மனம் ஆறவில்லை.

நியாயத்தராசு · சனி, காலை 10.51

அக்கா, வழங்காத சேவைக்குப் பணம் எடுக்க யாருக்கும் உரிமை இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 1977க்கு ஓர் அழைப்பு எடுங்கள். இப்படியானவர்களுக்கு ஒரு பாடம் வேண்டும்.

களுவாஞ்சி ராசா · சனி, காலை 11.15

இது எங்கள் ஊரிலும் நடக்கிறது. என் மகள் ரியூசனுக்கு மாதம் 1,500 கட்டுகிறோம். போன மாதம் சடங்குக்காக ஊருக்குப் போய் இரண்டு கிழமை வகுப்புக்குப் போகவில்லை. அரைக் காசைத் திருப்பித் தாருங்கள் என்றால் சேர் சிரிக்கிறார். எழுபது பிள்ளைகளிடம் வாங்குகிறவருக்கு எழுநூற்றைம்பது ரூபாய் ஒரு காசா?

கரும்பலகை · சனி, பகல் 12.40

கல்லடியில் பதினான்கு வருடமாகத் தனி வகுப்பு எடுக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராசா அண்ணே, உங்களுடைய கதை வேறு. எழுபது பிள்ளை இருக்கும் வகுப்பில் உங்கள் மகளின் கதிரை வெறுமையாக இருந்தாலும் வகுப்பு நடக்கும். அவர் கற்பித்துவிட்டார், மகள் வரவில்லை. நீங்கள் மாதத்துக்கு ஓர் இடத்தை வாங்கியிருக்கிறீர்கள். தனி வகுப்பில் பிள்ளை வராவிட்டால் அந்த ஒன்றரை மணித்தியாலம் அப்படியே செத்துப்போகும். அதனால்தான் பிந்தி நிறுத்தினால் கட்டணம் என்ற பேச்சே எழுகிறது.

நியாயத்தராசு தம்பி, அதிகார சபையும் இலக்கமும் நீங்கள் சொன்னது சரி. ஆனால் "வழங்காத சேவை" என்று ஒற்றை வரியில் முடித்துவிட முடியாது. பணம் கட்டும் முன் நிபந்தனையைச் சொல்லி, மற்றவரும் சரி என்று கட்டியிருந்தால் அது இருவரும் ஒப்புக்கொண்ட விடயம். கேட்க வேண்டிய கேள்வி, எப்போது சொன்னார் என்பதுதான். பணம் வாங்கிய பிறகு சொன்ன நிபந்தனை என்றால் கதை வேறு. ரீச்சர் எப்போது சொன்னார், அக்கா?

இனி நேரத்துக்கு வருவோம். சனி காலை 6 மணி வகுப்புக்கு 24 மணித்தியாலம் முன் என்றால் வெள்ளி காலை 6 மணி. நீங்கள் சொன்னது வெள்ளி இரவு 7.40. வகுப்புக்குப் பத்து மணித்தியாலம் இருபது நிமிடம்தான் இருந்தது. கடிகாரத்தின்படி ரீச்சர் சரி. ஆனால் எந்தத் தாயும் "முதல் நாள்" என்றால் முதல் நாள் இரவு என்றுதான் எடுப்பாள், காலை ஆறு மணியை யார் நினைக்கிறார்கள்? அதிகாலை வகுப்புக்கு 24 மணித்தியால விதி போட்டால் இந்தச் சண்டை வந்தே தீரும். மாலை 4 மணி வகுப்பாக இருந்தால் கெடு முதல் நாள் மாலை 4 மணி, யாருக்கும் குழப்பம் இல்லை.

அந்தக் குறுஞ்செய்தியில்தான் பெரிய பிழை இருக்கிறது. ஞாபகப்படுத்துவதும் 24 மணித்தியாலம் முன், கெடுவும் 24 மணித்தியாலம் முன். அதாவது கதவு சாத்தும் அதே நொடியில் வந்து "கதவு திறந்திருக்கிறது" என்று சொல்கிறது. அநேகமாக ரீச்சர் வேண்டுமென்று செய்திருக்கமாட்டார். அந்தப் பக்கங்களில் ஞாபகப்படுத்தலை 24 மணித்தியாலம் என்று விட்டுவிட்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் முதல் வருடம் அப்படித்தான் விட்டேன். ஞாபகப்படுத்தல் கெடுவுக்கு முன் வர வேண்டும், குறைந்தது அரை நாள் முன்.

ஆரையூர்த்தாய் · சனி, பகல் 1.05

பணம் கட்ட முன்பே சொன்னார். முதன்முதலில் அனுப்பிய செய்தியில் இருக்கிறது, "24 மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்காவிட்டால் முழுக் கட்டணம்" என்று. நான் வாசித்துச் சரி என்று போட்டேன். அது என் கையால் போட்டதுதான். ஆனால் காய்ச்சலுக்கு நேரம் குறித்தா வரச் சொல்ல முடியும்?

சாய்ந்தமருதுப் பிள்ளை · சனி, பகல் 2.30

அஸ்ஸலாமு அலைக்கும். ஒலுவிலில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு, பின்னேரங்களில் நிந்தவூரிலும் அட்டாளைச்சேனையிலும் வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். ரீச்சரின் பக்கமும் ஒரு வார்த்தை.

போன மாதம் பஸ் ஏறி, இறங்கி, வெயிலில் பதினைந்து நிமிடம் நடந்து ஒரு வீட்டின் படலையைத் தட்டினேன். உள்ளே இருந்து உம்மா எட்டிப் பார்த்து, "பிள்ளை வாப்பாவோடு கல்முனைக்குப் போய்விட்டாள், சொல்ல மறந்துபோனேன்" என்றார். ஒரு பிளேன் டீ கொடுத்தார். டீ நல்ல டீ. ஆனால் போக வர மூன்று மணித்தியாலமும் பஸ் காசும் போய்விட்டது. அந்த நாளுக்கு நான் ஒரு ரூபாயும் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அடுத்த மாதம் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

கரும்பலகை சேர், வீட்டுக்குப் போகிறவர்களுக்கு என்ன விதி வைக்கலாம்?

கரும்பலகை · சனி, பிற்பகல் 4.10

உங்களுக்கு வகுப்பு தொடங்கும் நேரத்தைவிட நீங்கள் வீட்டை விட்டு இறங்கும் நேரம்தான் முக்கியம், தங்கச்சி. "நான் பஸ் ஏறும் முன் சொன்னால் ஒன்றும் இல்லை. ஏறிய பிறகு சொன்னால் போக்குவரத்துச் செலவு. படலைக்கு வந்துவிட்டால் முழுக் கட்டணம்." இப்படிச் சொன்னால் எந்த உம்மாவுக்கும் விளங்கும், ஏனென்றால் மூன்றும் கண்ணால் காணக்கூடிய விடயம். இதை முதல் மாதக் காசு வாங்கும்போது சொல்லிவிடுங்கள். படலையில் நின்றுகொண்டு சொல்லாதீர்கள். அங்கே நின்று எதைச் சொன்னாலும் அது கோபமாகவே கேட்கும். அன்று காலையிலேயே "இன்று 4 மணிக்கு வருகிறேன்" என்று ஒரு செய்தி போடுங்கள். பாதிக் கதை அதிலேயே முடிந்துவிடும்.

என் விடயத்தில் நான் எப்படிக் கணக்குப் பார்க்கிறேன் என்றும் சொல்கிறேன். கெடு என்பது நான் வேறொரு பிள்ளையை அந்த நேரத்துக்கு அழைக்க எனக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதுதான். என்னிடம் மூன்று பிள்ளைகள் சைக்கிளில் வரும் தூரத்தில் இருக்கிறார்கள், இடம் கிடைத்தால் வருவோம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். மாலை 6 மணிக்குள் எனக்குத் தெரிந்தால் இரண்டு மூன்று அழைப்பில் ஆள் கிடைத்துவிடும். இரவு ஒன்பதுக்குப் பிறகு அழைத்தால் தாய்மார் எடுப்பதில்லை, எடுத்தாலும் "விடிய ஆறு மணிக்கா சேர்" என்பார்கள். அதனால் எந்த வகுப்பாக இருந்தாலும் என் கெடு முந்தைய நாள் மாலை 6 மணி. மணித்தியாலக் கணக்கு இல்லை.

கெடு தாண்டினால் பாதிக் கட்டணம். முழுதும் எடுப்பதில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் நான் வேறு வேலை செய்கிறேன், வினாத்தாள் திருத்துகிறேன். அந்த இடத்துக்கு வேறு பிள்ளை வந்துவிட்டால் அந்தப் பாதியும் எடுப்பதில்லை. ஒரே நேரத்துக்கு இரண்டு பேரிடம் காசு வாங்குவது எனக்குத் தெரிந்தவரை கணக்கு அல்ல, வேறொரு பெயர் இருக்கிறது.

எக்செல்லில் வைத்திருக்கிறேன். A நிரலில் வகுப்பின் முதல் நேரம், B நிரலில் செய்தி வந்த நேரம், C நிரலில் கட்டணம்:

```
=IF(B2>INT(A2)-0.25, C2*0.5, 0)
```

`INT(A2)` என்பது வகுப்பு நாள் தொடங்கும் நள்ளிரவு. அதில் இருந்து கால் நாள் கழித்தால் முந்தைய நாள் மாலை 6 மணி. எக்செல்லுக்கு ஒரு நாள் என்பது 1. அதனால் 0.25 ஆறு மணித்தியாலம். திகதியையும் நேரத்தையும் ஒரே கட்டத்தில் சேர்த்து எழுத வேண்டும். எழுத்தாக விழுந்துவிட்டால் கணக்கு குழம்பிவிடும். அடுத்த கட்டத்தில் எண்ணாக மாற்றிப் பாருங்கள், ஐந்து இலக்க எண் வந்தால் சரியான திகதி.

ஆரையம்பதி அக்காவின் கணக்கை இதில் போட்டுப் பார்த்தேன். வெள்ளி 7.40 மாலை 6ஐத் தாண்டிவிட்டது. என் விதியிலும் நீங்கள் பிந்தியவர்தான். 2,500இல் 1,250 போயிருக்கும். அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நல்லவனாகத் தெரிவேன், ஆனால் அது சரியல்ல.

நியாயத்தராசு · சனி, மாலை 5.00

அப்படியானால் காய்ச்சலுக்கும் பாதியா? எங்கே இரக்கம்?

கரும்பலகை · சனி, மாலை 5.20

காய்ச்சல் என்றால் ஒரு தவணைக்கு ஒரு தடவை கேள்வியே கேட்காமல் விடுகிறேன். சான்றிதழ் கேட்பதில்லை. கேட்டால் ஒரு வைரஸ் காய்ச்சலுக்காகப் பிள்ளையை இழுத்துக்கொண்டு வைத்தியரிடம் போய் பாதிக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க அதைவிடக் கூடச் செலவழிப்பார்கள். ஒரு தடவை. இரண்டாவது தடவை பாதி. உண்மையோ பொய்யோ என்று நான் நீதிபதி வேலை பார்க்க முடியாது. இதை நியாயம் என்று நான் வாதாடவும் இல்லை, எனக்குத் தெரிந்த வழி இது.

தேம்ஸ் வாவி · ஞாயிறு, காலை 2.15

லண்டனில் இருந்து எழுதுகிறேன், நேரத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். என் மகளுக்கு ஊரில் இருந்து ஒரு மிஸ் இணையவழியில் தமிழ் படிப்பிக்கிறார். ஞாயிறு மாலை 3.30க்கு எங்கள் நேரம். ஒரு நாள் மகள் சரியாக 3.30க்கு உட்கார்ந்தாள், மிஸ் இல்லை. பார்த்தால், "நீங்கள் வராததால் வகுப்பு முடிந்ததாகக் கணக்கு" என்று செய்தி. நாங்கள் வந்திருந்தோம்!

பிறகுதான் விளங்கியது. ஒக்டோபர் கடைசி ஞாயிறில் இங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிறார்கள். இலங்கையில் அப்படி இல்லை. கோடையில் எங்கள் 3.30 ஊரில் இரவு 8. மாறிய பிறகு எங்கள் 3.30 ஊரில் இரவு 9. மிஸ் 8 மணிக்கு ஒரு மணித்தியாலம் காத்திருந்திருக்கிறார். கனடாவில் பெரும்பாலானவர்களுக்கு நவம்பர் முதல் ஞாயிறில் மாறுகிறது. இடையில் ஒரு கிழமை எல்லாமே குழப்பம்.

கடைசியில் பாதிப் பாதி என்று பேசி முடித்தோம். இப்போது எங்கள் பதிவில் இரண்டு நேரமும் எழுதுகிறோம், ஆனால் நிலையான நேரம் எது என்றால் ஊர் நேரம்தான். மிஸ் இரவு 8க்கு நிற்பார், நாங்கள்தான் மாறுகிறோம்.

மடித்த குடை · ஞாயிறு, காலை 9.30

நான் கல்முனைப் பக்கம் தனியாக உளவளத்துணை செய்கிறேன். இங்கே எல்லோரும் ரியூசன் பற்றியே பேசுகிறார்கள். எங்கள் வேலையில் இதே விதியை அப்படியே வைத்தால் பிழையாகிப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

ஒருவர் முதல் சந்திப்புக்கு வரும்போதே கெடுவையும் கட்டணத்தையும் சொல்கிறேன், ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுக்கிறேன். ஒரு நாள் முன் சொல்லாவிட்டால் பாதி. ஆனால் முதல் தடவை வராமல் போனால் காசு கேட்பதில்லை, அன்றே ஒரு அழைப்பு எடுக்கிறேன். மனம் சரிந்து கிடக்கிறவருக்கு எழுந்து குளித்து பஸ் ஏறுவதே அன்றைய பெரிய வேலை. வராமல் போவது சில சமயம் அவருடைய நோயே பேசுவதுதான். அதற்கு நான் பில் எழுதினால் அவர் இனி வரமாட்டார். இரண்டாவது தடவை வராவிட்டால் அதைச் சந்திப்பிலேயே எடுத்துப் பேசுவோம்: "இங்கே வருவதில் எது கஷ்டமாக இருக்கிறது" என்று. சில சமயம் பதில் "நேரம் ஒத்துவரவில்லை" என்பதாக இருக்கும், நேரத்தை மாற்றிக்கொள்கிறோம். காசும் இல்லாதவர்களுக்கு அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே கட்டணம் இல்லை. இரவில் மனம் தாங்காவிட்டால் 1926க்கு அழைக்கலாம்.

இன்னொரு விடயம், ஞாபகப்படுத்தல் செய்தி. ஒரு தடவை, என் முன்பதிவுப் பக்கத்தில் இருந்து ஒரு பெண்ணுக்குத் தானாகப் போன செய்தியில் "உளவளத்துணைச் சந்திப்பு, நாளை 4.00" என்று இருந்தது. கைபேசி வீட்டில் எல்லோரும் தொடும் கைபேசி. அந்தப் பெண்ணின் மாமியார் வாசித்துவிட்டார். அடுத்த நாள் அவள் வரவில்லை, அதற்கு அடுத்த கிழமையும் வரவில்லை. இப்போது "நாளை 4.00, வழமையான இடம்" என்று மட்டும் போகிறது. என் பெயர் கூட இல்லை. எந்த இலக்கத்துக்கு, எத்தனை மணிக்கு அனுப்பலாம் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுகிறேன்.

பிந்தி வந்தால் நேரத்தைக் கூட்டுவதில்லை, பழைய நேரத்திலேயே முடிக்கிறேன். அடுத்தவர் வெளியில் காத்திருப்பார். நான் நிறுத்தினால் எனக்கும் அதே விதி: நான் கெடு தாண்டி நிறுத்தினால் அடுத்த சந்திப்பு பாதி விலைக்கு. போன வருடம் இரண்டு தடவை கட்டினேன், வயிறு எரிந்தது.

கரும்பலகை · ஞாயிறு, காலை 10.00

கடைசி வரி எனக்குப் பட்டது. என் விதியில் அது இல்லை. நான் நிறுத்தினால் மாற்று வகுப்பு தருகிறேன், அவ்வளவுதான். நீங்கள் சொன்னது போல் கட்ட வேண்டுமோ? நான் இன்னும் யோசிக்கிறேன்.

ஆரையூர்த்தாய் · ஞாயிறு, மாலை 6.45

ஒரு புதினம். மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இன்று அவனுடைய நண்பன் வந்திருந்தான். பேச்சுவாக்கில் சொல்கிறான், "சனிக்கிழமை ஆறு மணி வகுப்புக்கு நான்தான் போனேன், ரீச்சர் இரவு எட்டரைக்கு அழைத்து இடம் இருக்கிறது என்றார்" என்று. அவனும் 2,500 கட்டியிருக்கிறான்.

எனக்கு அப்படியே தலை சுற்றியது. அந்த ஒரு வகுப்புக்கு அவர் 5,000 வாங்கிவிட்டார். இன்னும் ஒன்று ஞாபகம் வந்தது. போன மாதம் ரீச்சரே ஒரு சனிக்கிழமை காலை 5.15க்கு, "இன்று வகுப்பு இல்லை, வீட்டில் ஒரு விசேடம்" என்று செய்தி போட்டார். மகன் குளித்துச் சைக்கிளை வெளியே எடுத்துவிட்டான். அந்த வகுப்பை வேறு நாளில் வைத்தார், கழிவு எதுவும் இல்லை. அப்போது நான் எதுவும் சொல்லவில்லை, ஆசிரியர் அல்லவா என்று. இப்போது எப்படிக் கேட்பது? நண்பன் சொன்னான் என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்குத்தான் தொல்லை.

நியாயத்தராசு · ஞாயிறு, மாலை 7.00

இப்போதுதான் 1977க்கு அழைக்க வேண்டும்!

கரும்பலகை · ஞாயிறு, இரவு 8.10

அவசரப்படாதீர்கள். மகன் இன்னும் ஒரு வருடம் அங்கே படிக்க வேண்டும். நண்பனை இழுக்காமலே கேட்க முடியும். கேள்வியை விதியைப் பற்றியதாக ஆக்குங்கள். நான் என்றால் இப்படி எழுதுவேன்:

"ரீச்சர், சனி வகுப்பைப் பிந்திச் சொன்னது என் பிழைதான், ஏற்றுக்கொள்கிறேன். ஒரு விளக்கம் வேண்டும். அந்த நேரத்துக்கு வேறு பிள்ளை வந்தால் நாங்கள் கட்டியது என்ன ஆகும்? வராவிட்டால் பாதியாவது அடுத்த வகுப்புக்குக் கழிக்க முடியுமா? ஞாபகப்படுத்தல் செய்தியும் வகுப்புக்கு 24 மணித்தியாலம் முன்தான் வருகிறது, அதைக் கொஞ்சம் முன்கூட்டி வைத்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்."

முதல் வரியில் உங்கள் பிழையை நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். வேறு பிள்ளை பற்றிய கேள்விக்கு அவரால் உண்மையைச் சொல்லித்தான் பதில் தர முடியும். போன மாதக் காலை 5.15ஐ இப்போது தொடாதீர்கள். இரண்டு வழக்கையும் ஒரே செய்தியில் போட்டால் அவர் இரண்டாவதைப் பற்றியே பேசி முதலாவதை விட்டுவிடுவார்.

சாய்ந்தமருதுப் பிள்ளை · ஞாயிறு, இரவு 8.40

சேர், மாற்றிப் போடுவது பற்றியும் சொல்லுங்கள். என்னிடம் ஒரு பையன் இருக்கிறான், நிறுத்துவதே இல்லை. வகுப்புக்கு இரண்டு மணித்தியாலம் முன், "மிஸ் வியாழனுக்கு மாற்றலாமா" என்பான். வியாழனுக்கு இரண்டு நாள் முன், "வேண்டாம் மிஸ், அந்த வகுப்பை விட்டுவிடுவோம்" என்பான். எல்லாம் கெடுவுக்குள்ளேதான். நான் மட்டும் இரண்டு நாளையும் இழக்கிறேன்.

கரும்பலகை · ஞாயிறு, இரவு 9.15

அந்தப் பையன் கெட்டிக்காரன், கணக்கில் நல்ல புள்ளி எடுப்பான் போலிருக்கிறது. எனக்கும் ஒரு வருடம் இதே நடந்தது. காரணம் என்னவென்றால், மாற்றும்போது நாம் பழைய நேரத்தை அழித்துப் புதிய நேரத்தை எழுதுகிறோம். அப்போது கெடு புதிய நேரத்தில் இருந்து ஓடத் தொடங்குகிறது. முன்பதிவுப் பக்கங்களிலும் மாற்று என்ற பொத்தானை அழுத்தினால் பழைய நேரம் காணாமல் போய் புதிய நேரம் மட்டும் நிற்பதைக் காணலாம். என் எக்செல்லில் A நிரல் "முதல் நேரம்" என்று எழுதியிருப்பது அதற்காகத்தான். வகுப்பை எத்தனை தடவை மாற்றினாலும் A நிரலைத் தொடுவதில்லை. புதிய நேரத்துக்குத் தனி நிரல் இருக்கிறது. பிந்தி மாற்றினால் அதுவும் பிந்தி நிறுத்தியதாகவே கணக்கு.

ஆனால் முழுவதும் இறுக்கமாக வைக்கவும் முடியாது. ஒரு தவணைக்கு ஒரு தடவை பிந்திய மாற்றம் இலவசம், ஏழு நாளுக்குள் எடுத்துவிட வேண்டும், மாற்றிய வகுப்பை மீண்டும் மாற்ற முடியாது. அந்த ஏழு நாள் முக்கியம். இல்லாவிட்டால் பரீட்சைக்கு முதல் மாதம் எல்லோரும் சேமித்து வைத்த வகுப்புகளோடு வந்து நிற்பார்கள். என்னிடம் அப்படி ஒரு மாதம் இருந்தது, ஞாயிறு உட்பட எட்டு வகுப்பு கூடுதலாக எடுத்தேன், சாப்பிட நேரம் இல்லை.

மழைக்கு மட்டும் எல்லா விதியையும் தூக்கி வைத்துவிடுகிறேன். நம் பக்கம் நவம்பரில் இருந்து ஜனவரி வரை மாரி எப்படி என்று சொல்லத் தேவையில்லை. 2024 நவம்பரில் வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்தினார்கள். ஆனால் "மழை பெய்கிறது" என்று யாரும் சொல்லலாம். அதனால் பாடசாலைக்கு விடுமுறை என்று அறிவித்தால், அல்லது வரும் பாதை தண்ணீரில் மூழ்கியிருந்தால் இரண்டு பக்கத்துக்கும் கட்டணம் இல்லை. வெளியில் பார்த்தால் தெரியும் விடயமாக இருக்க வேண்டும்.

மடித்த குடை · ஞாயிறு, இரவு 9.50

"பாதை மூழ்கியிருந்தால்" என்பதை யார் பார்ப்பது, சேர்? என்னிடம் வருகிற சிலர் வயல் பக்கத்து ஊர்கள். பிரதான வீதி காய்ந்திருக்கும், அவர்கள் வீட்டு ஒழுங்கையில் இடுப்பளவு தண்ணீர். நான் அவர்கள் சொல்வதை நம்புகிறேன். அது என் தொழிலுக்கு ஒத்துவரும். உங்களுக்கு ஒத்துவருமா தெரியாது.

தேம்ஸ் வாவி · திங்கள், காலை 1.40

நம்பிக்கை என்றால் நம்பிக்கை இரண்டு பக்கமும் வேண்டும். ரீச்சர் 5,000 வாங்கியது எனக்கு இன்னும் ஜீரணிக்கவில்லை.

ஆரையூர்த்தாய் · செவ்வாய், இரவு 9.05

கரும்பலகை சேர் சொன்னபடியே எழுதி அனுப்பினேன். ஒரு நாள் பதில் இல்லை, பயந்துபோனேன். இன்று பின்னேரம் அழைத்தார்.

அவராகவே சொன்னார், "அந்த இடத்துக்கு ஒரு பிள்ளை வந்தான், அதை நான் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்" என்று. 2,500 முழுவதும் இருப்பில் இருக்கிறது, அடுத்த மாதக் கட்டணத்தில் கழித்துக்கொள்வோம் என்றார். காசாகத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குள் வகுப்பை எடுக்காவிட்டால் என்ன என்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

கெடுவை மாற்றுவதாகச் சொன்னார், முந்தைய நாள் மாலை 7 மணி. சேருடைய 6 இல்லை, 7. ஏன் என்று கேட்டேன், "எனக்குப் பிள்ளைகள் பிந்தித்தான் பதில் போடுகிறார்கள்" என்றார். பிந்தினால் முழுக் கட்டணம் என்பதை மட்டும் மாற்றவில்லை. வேறு பிள்ளை வந்தால் திருப்பித் தருவார், வராவிட்டால் முழுதும் போகும். பாதி என்று கேட்டேன், "அதை யோசிக்கிறேன்" என்றார். போன மாதக் காலை 5.15 கதையை எடுக்கவில்லை. வாய் வரை வந்தது.

களுவாஞ்சி ராசா · செவ்வாய், இரவு 9.30

அப்போ எனக்கு எழுநூற்றைம்பது இல்லைத்தான்.

சாய்ந்தமருதுப் பிள்ளை · செவ்வாய், இரவு 10.00

நான் இன்று அந்தப் படலை உம்மாவுக்குச் செய்தி போட்டேன், பஸ், படலை, முழுக் கட்டணம் மூன்றையும் எழுதி. அவர் ஒரு கட்டை விரல் மட்டும் போட்டிருக்கிறார். ஒப்புக்கொண்டதா, வாசித்ததா என்று தெரியவில்லை. சேர், அது போதுமா?

கரும்பலகை · செவ்வாய், இரவு 10.20

போதாது. நாளை போகும்போது நேரில் ஒரு தடவை சொல்லுங்கள், டீ குடிக்கும் முன்.

ஆரையூர்த்தாய் · வெள்ளி, காலை 7.10

ஒரு சின்ன விடயம். ரீச்சரின் ஞாபகப்படுத்தல் இந்தத் தடவை நேற்று வியாழன் இரவு 7 மணிக்கே வந்துவிட்டது. "சனி 6.00" என்று மட்டும், கீழே ஒரு வரி: "மாற்ற வேண்டுமானால் வெள்ளி மாலை 7க்குள்." மகன் சைக்கிள் சில்லுக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறான்.